பி.எம்.டபிள்யூ. டிரெய்னிங் இன்னும் முடிக்காத 37 பேருக்கு: டிசம்பர் 20, சனிக்கிழமைக்குள்

வணக்கம். இந்த மெசேஜ் நம் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் போகவில்லை, மருத்துவக் கழிவுப் பயிற்சியை இந்த வருடம் இன்னும் முடிக்காத 37 பேருக்கு மட்டும் அனுப்புகிறேன். மொத்தம் 186 பேரில் 149 பேர் முடித்துவிட்டார்கள். மீதி இருப்பவர்களில் 14 பேர் தொடர்ந்து நைட் டியூட்டி, 9 பேர் தியேட்டர், 8 பேர் ஹவுஸ்கீப்பிங், 6 பேர் லேபும் மற்ற இடங்களும். இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், யாரும் வேண்டுமென்று தள்ளிப்போடவில்லை, நாங்கள் வைத்த நேரம்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் நேரத்தை மாற்றியிருக்கிறோம், அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கடைசித் தேதி டிசம்பர் 20, சனிக்கிழமை மாலை 5 மணி. ஏன் அந்தத் தேதி என்றால், 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும், டாக்டர் உட்பட, வேலைக்குச் சேரும்போது ஒரு முறையும் அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை எத்தனை பேருக்குத் தந்தோம், எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதை அடுத்த ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் வருடாந்திர அறிக்கையில் எழுத வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பாதிப் பேர் லீவில் இருப்பீர்கள், மீதிப் பேர் டபுள் டியூட்டி பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிட எனக்கு மனசில்லை, அதனால்தான் 20.

அறிக்கைக்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் நம் மூன்றாவது மாடியில் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் சிவப்புப் பையின் வாயைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. சிவப்புப் பையில் இருக்க வேண்டியது ஐவி செட், கத்தீட்டர், யூரின் பேக், ஊசி எடுத்த சிரிஞ்ச், கையுறை, இவ்வளவுதான். ஊசி அதில் இருக்கவே கூடாது. யாருக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்க வழியே இல்லாததால் டாக்டர் அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார், 28 நாள். முதல் பத்து நாள் அந்த அக்காவால் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முன்பே போட்டிருந்தார் என்பது பெரிய நிம்மதி. ஆறாவது வார டெஸ்ட் நல்லபடியாக வந்தது, மூன்றாவது மாத டெஸ்ட் ஜனவரியில். அதுவரை வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்டார். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்.

அந்த ஊசியைப் போட்டது யார் என்று நான் தேடவில்லை, தேடப்போவதும் இல்லை. எமர்ஜென்சி நேரத்தில், ஒரு கையில் நோயாளியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டிரேயை ஒதுக்கும்போது, எட்டுகிற பையில் கை போய்விடும், எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் தவறான பையில் போன ஊசி பெரும்பாலும் போட்டவரைக் குத்துவதில்லை. பையைக் கட்டும் அக்காவை, இல்லையென்றால் கீழே வண்டியில் ஏற்றுகிற தம்பியை, இல்லையென்றால் கழிவு நிலையத்தில் பிரிக்கிற, நாம் பார்த்தே இராத ஒருவரைக் குத்துகிறது. வருடம் ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பது கைப்பழக்கத்தைச் சரிசெய்யத்தான்.

இதுவரை முடித்த 149 பேரில் நிறையப் பேர் ஒரே இடத்தில் தடுமாறினார்கள். இரத்தம் பட்ட பஞ்சும் இரத்தம் பட்ட கையுறையும் ஒரே பைதானே என்று மஞ்சளில் போடுகிறார்கள். பஞ்சு மஞ்சள், கையுறை சிவப்பு. மஞ்சள் பை எரிப்பதற்குப் போகிறது, சிவப்பு ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகிறது. ஐவி செட் மாதிரி பி.வி.சி. பிளாஸ்டிக் மஞ்சளில் கலந்து எரிந்தால் டையாக்ஸின் என்கிற நச்சு வரும், அதைச் சுவாசிப்பது அந்த நிலையத்தைச் சுற்றி வீடு கட்டியிருக்கிறவர்கள். ஊசி, பிளேடு எல்லாம் வெள்ளை டப்பா, அது முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். உடைந்த ஆம்ப்யூல், கண்ணாடி வயல் எல்லாம் நீலம், ஆனால் கீமோ மருந்து இருந்த வயல் மட்டும் மஞ்சள். அப்புறம், ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். ஒரு வேளை குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே கேஷுவாலிட்டிக்கு வாருங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் எச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையால் பயன் இல்லை. யாரும் திட்ட மாட்டார்கள்.

இனி எப்படி முடிப்பது என்று சொல்கிறேன். வீடியோ 40 நிமிடம், ஸ்டாஃப் ஆப்பில் இருக்கிறது. ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை, நிறுத்திய இடத்திலிருந்து தொடரும். கடைசியில் 15 கேள்வி, தவறினால் மறுபடி எழுதலாம், மார்க் யாருக்கும் போகாது. அதற்குப் பிறகு நேரில் பத்து நிமிடம் வந்து நான்கு நிறத்திலும் கையால் பிரித்துக் காட்ட வேண்டும்.

நேரில் வருவதற்கு, முதல் மாடி செமினார் ஹாலில் ஞாயிறு தவிர தினமும் மதியம் 2:30 முதல் 3:30 வரை இருப்பேன். நைட் டியூட்டிக்காரர்கள் அதற்காக வீட்டிலிருந்து திரும்பி வர வேண்டாம், காலை ஹேண்ட்ஓவர் முடிந்ததும் 7:45க்கு, இல்லையென்றால் டியூட்டி ஏறும் முன் மாலை 7 மணிக்கு, உங்கள் வார்டுக்கே டப்பாக்களோடு வருகிறேன், முந்தின நாள் மட்டும் சொல்லிவிடுங்கள். தியேட்டர் ஆட்களுக்கு லிஸ்ட் குறைவாக இருக்கிற புதன்கிழமை மதியம் தியேட்டரிலேயே. ஹவுஸ்கீப்பிங் அண்ணன், அக்காக்களுக்கு ஆப்பும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். பேசிக்கொண்டே செய்து காட்டுவேன், கேள்வியும் வாயால்தான். காண்ட்ராக்ட்டில் வந்தவர் என்பதால் யாரையும் விடக்கூடாது, அவர்கள் கைதான் எல்லாப் பையையும் கடைசியாகத் தொடுகிறது.

எல்லாமே டியூட்டி நேரத்தில் சேரும். அந்த நேரத்துக்கு உங்களை விடச் சொல்லி வார்டு இன்சார்ஜ்களிடம் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் பேசிவிட்டார், விடவில்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். இந்த வருடம் வேறு ஆஸ்பத்திரியில் முடித்தவர்கள் சான்றிதழைக் காட்டினால் வீடியோ வேண்டாம், நேரில் மட்டும் வந்தால் போதும், ஏனென்றால் நம் வார்டில் டப்பா எங்கே இருக்கிறது என்பது வேறு.

20ஆம் தேதிக்குப் பிறகு பெயர் மீதி இருந்தால் சம்பளத்தில் எதுவும் பிடிக்க மாட்டார்கள். அந்தப் பட்டியல் மேடத்திடம் போகும், 27ஆம் தேதி காலை ஒரே வகுப்பாக நடத்தி முடிப்போம், அன்றைக்கு லீவு போட்டிருந்தால் மாற்ற வேண்டி வரும். இதற்குப் பிறகு 18ஆம் தேதி ஒரே ஒரு மெசேஜ் வரும், நடுவில் போன் செய்ய மாட்டேன்.

ஆப் திறக்கவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஏற்கெனவே முடித்தும் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிறது, எதுவானாலும் எக்ஸ்டென்ஷன் 214. மதியம் மூன்றரைக்கு மேல் அடித்தால் கட்டாயம் எடுப்பேன்.

இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் நர்ஸ்
டிசம்பர் 8