என் ஊரின் வரைபடத்தை நானே வரைய வேண்டும்

உதவித்தொகைத் தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

நான் சென்னை ராணி மேரி கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில், ஆறாவது மாடி. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், வீட்டுவேலை செய்கிறார். அப்பா எட்டாம் வகுப்பு, பெயின்டர். எங்கள் சொந்தத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். 2025-26 கல்வியாண்டில் எம்.எஸ்சி. புவியியல் சேர்வதற்காக உங்கள் அறக்கட்டளையின் உதவியைக் கேட்டு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நாங்கள் பெரும்பாக்கத்துக்காரர்கள் இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டி இருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடும் அதிலிருந்த எல்லாமும் போய்விட்டன. அடுத்த வருடம், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே, எங்கள் தெருவை இங்கே மாற்றினார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிப்பறை. இதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன், அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அம்மா வேலை செய்த வீடுகள் சைதாப்பேட்டையிலேயே இருந்தன. அப்பாவுக்கு வேலை சொல்லும் மேஸ்திரியும் அங்கேதான். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்பே அம்மா கிளம்பிவிடுவார். லிஃப்ட் ஓடாத நாட்களில் ஆறு மாடி இறங்கித்தான் போவார். தம்பியை எழுப்பி, தண்ணீர் பிடித்து, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் என் வகுப்புக்குப் போவேன். ஒரு வருடத்துக்குள் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அம்மாவின் கையை விட்டுப் போயின. சோழிங்கநல்லூர் பக்கம் புதிதாக வேலை கிடைக்கும்வரை கடனில்தான் ஓடியது. அந்தக் காலத்தில் அம்மா அடிக்கடி சொன்னது: "எங்க வேலை செய்யிறீங்கன்னு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

பத்தாம் வகுப்பில் கொரோனா வந்தது. 2020-இல் பொதுத்தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றோம். பதினோராம் வகுப்பு முழுக்க கல்வித் தொலைக்காட்சியும், அப்பாவின் ஒரே ஃபோனும்தான். அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் ஃபோன் கைக்கு வரும், அதிலும் தம்பிக்குப் பாதி நேரம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 2022-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன்.

முதல் தலைமுறையாகப் படிப்பவர்களுக்குப் பணக்கஷ்டத்தைப் போலவே இன்னொரு கஷ்டமும் உண்டு. எதைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இடம் மாறியதால் ரேஷன் கார்டில் முகவரித் திருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தார். செமஸ்டர் என்றால் என்ன, அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் கல்லூரிக்குள் வந்த பிறகு சீனியர் அக்காக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புவியியல் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பள்ளியில் 'வண்டல் சமவெளி' என்று படித்ததை இங்கே வேறு பெயரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் வருடம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரத்தில் தமிழில் எழுதி வைத்துப் படித்தேன். இப்போது என் ஜூனியர்கள் அந்த நோட்டுகளைத்தான் நகல் எடுத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரிக்குப் போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸுக்காகக் காத்திருந்தால் இன்னும் கூடும். ஆனால் 2021-இல் அந்தத் திட்டம் வந்திருக்காவிட்டால் என்னை இவ்வளவு தூரம் அனுப்பியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் தேர்வுக் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் உதவியது. இளங்கலைப் பட்டத்தோடு அது முடிந்துவிடும். அதனால்தான் இப்போது உங்களிடம் வந்திருக்கிறேன்.

இனி, நான் ஏன் இந்தப் படிப்பைத் தொடர வேண்டும் என்பதைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில், கணினியில் வரைபடம் தயாரிக்க உதவும் QGIS மென்பொருளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பயிற்சியில், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எத்தனை வீடுகள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். நான் எங்கள் பகுதியை எடுத்துக்கொண்டேன். வட்டத்துக்குள் இருந்த பல வீடுகளை எனக்கு நேரில் தெரியும். நடுவில் சுற்றுச்சுவரும் கால்வாயும் இருப்பதால் அங்கிருந்து நடப்பவர்கள் அந்த வட்டம் சொல்வதைவிட மிக அதிக தூரம் நடக்க வேண்டும். வட்டத்துக்குப் பதிலாக உண்மையில் நடக்கும் பாதைகளை வைத்து மறுபடி கணக்கிட்டேன். 'அருகில்' என்று காட்டிய வீடுகளில் ஒரு பெரிய பகுதி தூரமாகிவிட்டது. ஒரு ஊரை இடம் மாற்றும்போது மேசையில் இருக்கும் வரைபடம் எப்படிப்பட்டது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அம்மா வேலை செய்யும் இடம் அதில் எந்த அடுக்கிலும் இருந்திருக்காது.

அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்ற எங்களைக் கொண்டுவந்த இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் தெற்குப் பக்கம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம் அது. சுற்றியுள்ள ஏரிகளின் தண்ணீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் கலக்க வேண்டும். அந்த வழி குறுகினால் தண்ணீர் நிற்கும் இடங்களில் எங்கள் தெருக்களும் அடக்கம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம், அந்தக் கட்டம் முழுவதற்கும் ஒரே உயரம்தான். சென்னை போன்ற தட்டையான நிலத்தில் அரை மீட்டர் வித்தியாசம்தான் தரைத்தள வீட்டில் தண்ணீர் நுழையுமா என்பதைத் தீர்மானிக்கும். அந்தத் தரவில் இது தெரியாது. ஆனால் எங்கள் பிளாக்குகளின் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை இருந்தது. தரைத்தளத்து அக்காக்களுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதும் நினைவிருந்தது. அவர்கள் காட்டிய உயரங்களை டேப்பால் அளந்து வரைபடத்தில் ஏற்றிவருகிறேன். வேலையில் பாதிகூட முடியவில்லை, இதுதான் என் முதுகலை ஆய்வின் அடிப்படையாக இருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு விண்ணப்பிக்கிறேன். முதுகலை முடித்ததும் நகரத் திட்டமிடலில் வேலைக்குப் போக விரும்புகிறேன். 2026 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. அதைச் செயல்படுத்தும் இருபது ஆண்டுகளும் நான் வேலை செய்யப்போகும் ஆண்டுகள். எங்காவது ஒரு தெருவை இடம் மாற்ற முடிவெடுக்கும்போது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் எங்கே வேலை செய்கிறார், பிள்ளை எந்தப் பள்ளி, பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்ற விவரங்களை வரைபடத்தில் ஏற்றி மேசையில் வைக்கும் ஆளாக நான் அங்கே இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அப்பாவால் உயரமான வேலைக்குப் போக முடிவதில்லை. அம்மாவின் மாத வருமானம் 12,000 ரூபாய். தம்பி பாலிடெக்னிக்கில் சேரப்போகிறான். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, கல்லூரி லேபில்தான் வேலை செய்கிறேன், மாலை அது பூட்டப்பட்டதும் வேலையும் நின்றுவிடும். உதவித்தொகை கிடைத்தால் முதலில் கட்டணம், அடுத்து QGIS ஓடும் அளவுக்கு ஒரு பழைய லேப்டாப். மீதி ஆய்வுக்கான பயணச் செலவுக்கு. இப்போது வாரக் கடைசியில் எடுக்கும் டியூஷனை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் களவேலைக்குக் கொடுக்க முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் மீதமுள்ள பிளாக்குகளில் தண்ணீர் ஏறிய உயரங்களை அளந்து முடித்து, வரைபடத்தின் ஒரு பிரதியை எங்கள் குடியிருப்போர் சங்கத்திடமும் இன்னொன்றை உங்களிடமும் கொடுப்பேன்.