வண்டன்மேடு ஸ்டோரும் போடி பட்டறையும்: ஓர் அறிமுகம்

செல்வராணி அம்மாவுக்கும் முருகேசன் தம்பிக்கும் வணக்கம்.

இதே கடிதத்தைத்தான் இருவருக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒருவருடைய எண் இன்னும் மற்றவரிடம் போகவில்லை. இருவரும் சரி என்ற பிறகுதான் கொடுப்பேன்.

முருகேசா, செல்வராணி அம்மாவுக்கு வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் 6 ஏக்கர் ஏலத்தோட்டமும் காய் உலர்த்தும் சொந்த ஸ்டோரும் இருக்கின்றன. அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் பச்சைக்காயையும் வாங்கி உலர்த்துகிறார். கணக்கில் கறார், கொடுத்த வாக்கிலும் கறார். புற்றடி ஏல மையத்தில் அவருடைய காயைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

அம்மா, முருகேசன் போடிநாயக்கனூரில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். விறகு அடுப்பு, வெப்பக் குழாய், தட்டு வைக்கும் சட்டம், ஈரக்காற்றை வெளியே இழுக்கும் விசிறி என்று ஸ்டோர் வேலை மட்டுமே செய்பவர். பழைய ஸ்டோரை இடிக்காமல் திருத்தித் தருவதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

ஏன் இந்த அறிமுகம் என்றால், போன மாதம் அம்மா என் கையில் இரண்டு பிடி காய் கொடுத்தார். ஒரே நாள் எடுப்பு, ஒரே அறை. மேல் தட்டுக் காய் கிளிப்பச்சை. சுவர் ஓரத்துக் கீழ்த்தட்டுக் காய் வெளுத்து, முனையில் மஞ்சள் கோடு ஓடியிருந்தது. ஐந்து கிலோ பச்சைக்காய் சுண்டி ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. மீதி அத்தனையும் நீர். அந்த ஆவி முதல் சில மணி நேரத்தில் வெளியேறாமல் மூலையில் தேங்கினால் நிறம் போய்விடும், அடுப்பில் எவ்வளவு விறகு போட்டாலும் திரும்பாது. காய் 8 மில்லிமீட்டர் பருமன் இருந்தும், நிறம் வெளுத்ததால் விலை குறைந்ததைப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது.

முருகேசனுக்கும் ஒரு தேவை இருக்கிறது. அவர் திருத்திய ஸ்டோர்கள் எல்லாம் அடிவாரத்தில், காய்ந்த காற்றில் ஓடுபவை. சாரலும் மூடுபனியும் பகலிலேயே கதவைத் தட்டும் மலைமேல் தன் விசிறி அமைப்பு எப்படி வேலை செய்யும் என்று பார்க்க ஆசைப்படுகிறார். ஆகஸ்டு எடுப்புக்கு முன் ஒரு ஸ்டோர் கிடைத்தால் ஆள் கூலி வாங்காமல் பொருள் விலைக்கே செய்து தருவதாக என்னிடம் சொன்னார். இதை எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவின் ஸ்டோர் பற்றி எழுதவும் அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவருடைய விற்பனைக் கணக்கு எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு உண்மைகளை மறைக்கக் கூடாது. எனக்கு இதில் கமிஷன் கிடையாது. ஏலக்காய் ஊரில் இதைச் சொல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அடுத்தது, முருகேசனின் வேலை சுத்தம், தேதி மட்டும் சுத்தமில்லை. என் உறவினர் ஒருவருக்கு 12 நாள் தாமதமாக முடித்துக் கொடுத்தார். தம்பி கோபப்படக் கூடாது, நேரிலும் இதைத்தானே சொன்னேன்.

இருவருக்கும் விருப்பம் இருந்தால், முதலில் அரை மணி நேரப் பேச்சு போதும். பிறகு முருகேசன் கம்பம்மெட்டு வழியாக ஒரு நாள் ஏறி வந்து அறையை அளக்கலாம். பார்த்தாலே வேலை கொடுக்க வேண்டும் என்றில்லை. கொடுப்பதாக இருந்தால் பொருள் விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலம் தாண்டிப் போகும் சரக்கு என்பதால் ரசீதில் ஐ.ஜி.எஸ்.டி. வரும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேண்டாம் என்றால் "இப்போது வேண்டாம்" என்று எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம், நானும் கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு வரை பதில் வராவிட்டாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன், நினைவூட்டிக் கூப்பிடமாட்டேன். எதிர்த்தரப்புக்கு "இந்த முறை அமையவில்லை" என்று மட்டும் சொல்வேன். இருப்பது இருவர்தான், யார் மறுத்தது என்று ஊகிப்பது கடினமில்லை. அதனால்தான் முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்: மறுப்பவர் மேல் மற்றவருக்கு மனத்தாங்கல் வேண்டாம். தை மாதம் வழக்கம்போல என் வீட்டில் இருவருக்கும் பொங்கல் உண்டு.

சரி என்றால் "சரி" என்ற ஒரு சொல்லோடு, எந்த நேரத்தில் பேசலாம் என்றும் எழுதுங்கள். அம்மாவுக்கு மாலை ஆறு மணிக்கு முன் பேச முடியாது, தோட்டத்தில் டவர் கிடைப்பதில்லை. எண்களைக் கொடுத்ததும் நான் விலகிக்கொள்கிறேன். விலை பேசும்போது என்னை இடையில் நிறுத்த வேண்டாம்.

அன்புடன்,
பால்பாண்டி
குமுளி