விடுப்பு மெயில்: திருத்திய படி, திருத்தியதற்கான காரணங்கள்

அண்ணே, வணக்கம். நீங்கள் அனுப்பிய வரைவு இது:

"ஐயா, நேற்று (மார்ச் 10) இரவிலிருந்து எனக்குக் கடும் காய்ச்சலாக இருந்தது. இன்று காலை டாக்டரைப் பார்க்கிறேன். மூன்று நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். மருத்துவச் சான்றிதழ் வாங்கியிருப்பேன், இத்துடன் இணைத்திருந்தேன். 11 முதல் 13 வரை இரண்டு நாள் விடுப்பு வேண்டும். 14ஆம் தேதி வருகிறேன். மூன்றாம் பிரஸ்ஸில் டை மாற்றும் வேலை பாதியில் நின்றிருக்கும்."

திருத்திய படி:

பொருள்: மருத்துவ விடுப்பு, மார்ச் 11 முதல் 13 வரை

ஐயா,
நேற்று இரவு முதல் எனக்குக் கடும் காய்ச்சல் இருக்கிறது. இன்று காலை மருத்துவரைப் பார்த்தேன். மூன்று நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் கொடுத்த மருத்துவச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன். மார்ச் 11 முதல் 13 வரை மூன்று நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 14ஆம் தேதி காலை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன். அசல் சான்றிதழை அப்போது ஒப்படைப்பேன்.
மூன்றாம் பிரஸ்ஸில் டை மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. புதிய டை ஏற்றியாகிவிட்டது. போல்ட்டுகள் இன்னும் முழுதாக முறுக்கப்படவில்லை. முடிக்கும்வரை அந்த பிரஸ்ஸை ஓட்ட வேண்டாம்.
இப்படிக்கு,
பிரஸ் பிரிவு சூப்பர்வைசர், டோக்கன் எண் 418

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சான்றிதழ் வரிதான். 'வாங்கியிருப்பேன்' என்றால் ஊகம். கையில் சான்றிதழ் இல்லை என்றே படிப்பவர் நினைப்பார். 'இணைத்திருந்தேன்' என்றால் முன்பு எப்போதோ அனுப்பிய மெயிலைச் சொல்வதாகும். அலுவலகத்தில் அந்தப் பழைய மெயிலைத் தேடுவார்கள், இருக்காது, விடுப்பு நிலுவையில் போய் நிற்கும். இந்த மெயிலிலேயே இருப்பதால் 'இணைத்துள்ளேன்'.

'காய்ச்சலாக இருந்தது' என்றால் குணமாகிவிட்டது போலத் தொனிக்கிறது. அப்புறம் எதற்கு மூன்று நாள் என்ற கேள்வி வரும். காலையில் பார்த்து முடித்தாயிற்று, ஆகவே 'பார்த்தேன்'. அதற்கு அடுத்து நடந்ததைச் 'சொன்னார்' என்றால் போதும். 'சொல்லியிருந்தார்' எனும்போது நீங்கள் பார்க்கப் போவதற்கு முன்பே சொன்னது போல ஆகிவிடுகிறது. 'வருகிறேன்' தவறில்லை, ஆனாலும் எதிர்காலத்தில் சொன்னால் உறுதி தெரியும்.

11, 12, 13 எண்ணினால் மூன்று நாள். சான்றிதழிலும் மூன்றுதான், இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

பிரஸ் விஷயத்தில் 'நின்றிருக்கும்' என்று ஊகமாக எழுதவே கூடாது. முறுக்காத டையோடு அடுத்த ஷிஃப்ட் ஆள் ஓட்டினால் டை நகர்ந்து உடையும், கையும் போகும். நீங்கள் போனில் சொன்ன நிலையை அப்படியே எழுதியிருக்கிறேன். மெயிலோடு விடாமல் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

சான்றிதழ் போட்டோவில் முத்திரையும் பதிவு எண்ணும் மங்கலாக இருக்கின்றன. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்து, அதை இணைத்த பிறகு இன்றிரவே அனுப்புங்கள்.