மூடப்பட்ட ஜிம்மில் மிஞ்சிய முற்பணத்தைத் திரும்பக் கோரும் கடிதம்

பதிவுத் தபாலில்
பண்டாரவளை
2026.04.20

உரிமையாளர் அவர்கட்கு,
பண்டாரவளை பதுளை வீதியில் 2026.02.28 வரை இயங்கிய ஜிம்மும் அதன் கீழ்த்தளத்துப் பெண்கள் சலூனும்

ஐயா,

பயன்படுத்தாத பக்கேஜ்களுக்கும் வவுச்சருக்கும் ரூபா 70,629 திரும்பக் கோரல்

பெப்ரவரி 28 சனிக்கிழமை இரவோடு இரண்டு இடங்களும் மூடப்பட்டன. மார்ச் 1 காலையில் கதவில் பூட்டும், வட்ஸ்அப் குழுவில் உங்கள் குரல் பதிவும்தான் இருந்தன. அதற்கு முன் எங்கள் எவருக்கும் அறிவித்தல் வரவில்லை. கட்டிய பணத்தில் சேவை கிடைக்காமல் மிஞ்சியதை மட்டும் இக்கடிதத்தில் கேட்கிறோம். நால்வரின் கணக்கும் வேறுவேறு என்பதால் தனித்தனியாகத் தருகிறோம்.

உறுப்பினர் 112: 2025.10.01 இல் ஓராண்டு பக்கேஜுக்கு ரூபா 48,000 கட்டினார். மாதத்துக்கு 4,000. ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை ஐந்து மாதம் போக மிச்சம் ஏழு மாதம், ரூபா 28,000.

நீங்கள் இவருக்கு 18,000 தான் வரும் என்று மார்ச் 12 இல் எழுதியிருந்தீர்கள். பயன்படுத்திய ஐந்து மாதத்தையும் தனி மாதக் கட்டணமான 6,000 இல் பெருக்கி, 30,000 கழித்து வந்த கணக்கு அது. இடையில் விலகிப்போகிற உறுப்பினரிடம் அப்படிக் கழிப்பதில் ஒரு நியாயம் உண்டு; ஓராண்டு இருப்பேன் என்று சொல்லிக் கழிவை வாங்கியவர் அவர். இங்கே விலகியது உறுப்பினர் அல்ல, ஜிம். பன்னிரண்டு மாதமும் வரத் தயாராயிருந்தவரிடம் அந்தக் கழிவைத் திரும்பப் பிடிக்க முடியாது.

உறுப்பினர் 131: தனிப் பயிற்சி 20 வகுப்புக்கு ரூபா 30,000, வகுப்பொன்றுக்கு 1,500. அட்டையில் பயிற்றுநரின் கையொப்பம் எட்டு இடத்தில் மட்டுமே இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் பதினொன்று என்கிறீர்கள். கூடுதலாக உள்ள மூன்றும் ஜனவரி 14, 16, 21 ஆகிய நாட்களுக்குரியவை. அந்த மூன்று நாளும் காலை ஐந்தரை மணி வகுப்புக்குப் பயிற்றுநர் வரவில்லை. “இன்றைக்கு வர ஏலாது” என்று அவரே அனுப்பிய செய்திகளின் படங்களை இணைத்துள்ளோம். ஆகவே மிச்சம் பன்னிரண்டு வகுப்பு, ரூபா 18,000.

உறுப்பினர் 140: இவருடைய விடயம்தான் எல்லாவற்றிலும் பாரதூரமானது. 2026.02.09 இல் மூன்று மாதப் பக்கேஜுக்கு 15,000, அனுமதிக் கட்டணம் 3,000 என மொத்தம் 18,000 ரூபாவைக் கடன் அட்டையில் கட்டினார். மே 8 வரையான 89 நாட்களில் 20 நாள் போக மிச்சம் 69 நாள். 15,000 ஐ 89 ஆல் வகுத்து 69 ஆல் பெருக்கினால் ரூபா 11,629. கட்டடச் சொந்தக்காரர் ஜனவரியிலேயே இடத்தை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார் என்று உங்கள் குரல் பதிவில் நீங்களே சொல்கிறீர்கள். அது தெரிந்திருந்தும் பெப்ரவரியில் புதிய உறுப்பினரிடம் மூன்று மாதத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். எனவே இவருக்கு அனுமதிக் கட்டணத்தையும் சேர்த்து ரூபா 14,629 கோருகிறோம். 112, 131 இருவரும் தங்கள் அனுமதிக் கட்டணத்தைக் கேட்கவில்லை. அட்டையும் பதிவும் கிடைத்து மாதக்கணக்கில் வந்துபோனவர்கள் அவர்கள்.

சலூன் வவுச்சர்: 2025.12.20 இல் வாங்கிய ரூபா 10,000 அன்பளிப்பு வவுச்சர், மார்ச் 31 வரை செல்லுபடியாகும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. காலாவதியாகிவிட்டது என்று ஏப்ரலில் பதில் சொன்னீர்கள். மார்ச் மாதம் முழுவதும் கதவு மூடியிருந்தது. மார்ச் 3 இல் நேரம் கேட்டு அனுப்பிய செய்தியை நீங்கள் பார்த்ததற்கு நீலக் குறி இருக்கிறது. திகதி முடியும்வரை சேவை தரக் கடமைப்பட்டவர் கடையை மூடி வைத்துக்கொண்டு திகதியைக் காட்ட முடியாது. பற்றுச்சீட்டு வாங்கியவர் பெயரில் இருப்பதால், பணத்தை வவுச்சரை வைத்திருப்பவருக்கே கொடுக்கலாம் என்ற அவரது கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் இணைத்துள்ளோம். இவரிடம் ஜனவரி 31 இல் முடிந்த 5,000 ரூபா வவுச்சர் இன்னொன்றும் உண்டு. அது சலூன் திறந்திருந்த காலத்திலேயே முடிந்தது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதுளைக் கிளைக்கு வந்து மிச்ச நாட்களை முடிக்கலாம் என்ற உங்கள் யோசனையை ஏற்கவில்லை. போக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காலை ஐந்தரைக்குப் பயிற்சி செய்து, வீடு வந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் பதுளையில் நிற்க வழியில்லை. பணம் கட்டியது பண்டாரவளையில் கிடைக்கும் சேவைக்கு. பதுளைக்குப் போக விரும்பும் மற்ற உறுப்பினர்களைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபமில்லை.

பற்றுச்சீட்டின் அடியில் உள்ள “கட்டிய பணம் திரும்பத் தரப்படமாட்டாது” என்ற வரியையும் எடுத்துக் காட்டினீர்கள். உறுப்பினர் மனம் மாறி வராமல் விட்டால் அந்த வரி பேசும். சேவையையே நிறுத்தியவருக்கு அது துணை வராது. “பிஸ்னஸ் மூடியாச்சு, கணக்கும் முடிஞ்சுது” என்பதும் சரியல்ல. பிரதேச செயலகத்தில் பதிவாகியிருப்பது தனி உரிமையாளரின் வியாபாரப் பெயர், கம்பனி அல்ல. அந்தப் பெயரில் வாங்கிய பணத்துக்கு உரிமையாளரே நேரடியாகப் பொறுப்பு. மூடிய கடைக்குப் போகும் தபால் திரும்பி வரும் என்பதால் பதிவில் உள்ள உங்கள் வீட்டு முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பியுள்ளோம். அதன் படம் உங்கள் வட்ஸ்அப்புக்கும் வரும்.

மொத்தம்: 28,000 + 18,000 + 14,629 + 10,000 = ரூபா 70,629.

2026 மே 5 செவ்வாய்க்கிழமைக்குள் அவரவர் வங்கிக் கணக்கில் இடவும். ஒரேயடியாக முடியாவிட்டால், உறுப்பினர் 140 க்குரிய முழுத் தொகையையும் மற்றவர்களின் பாதியையும் மே 5 இலும், மீதியை ஜூன் 5 இலும் வாங்கச் சம்மதம். ஆனால் திகதியும் தொகையும் எழுதி நீங்கள் ஒப்பமிட்ட கடிதம் ஏப்ரல் 30 க்குள் வர வேண்டும்; “பார்த்துச் செய்வோம்” என்ற குரல் பதிவு போதாது. பணம் கணக்கில் விழுந்த பிறகு அவரவர் பற்றுச்சீட்டு எழுதித் தருவோம். அதற்கு முன் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் ஒப்பமிட மாட்டோம்.

மே 5 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) 13ஆம் பிரிவின்படி முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 140 பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணினால் மே 9 இல் அது முடிகிறது. பணம் வராவிட்டால் மே 6 காலையில் நால்வரின் முறைப்பாடும் அதிகார சபையிடம் போகும். மூடப்போவதை மறைத்துப் பணம் வாங்கியது பற்றி 30ஆம் பிரிவையும் அதில் குறிப்பிடுவோம். அங்கே தீராவிட்டால் மத்தியஸ்த சபை, அதன் பின் நீதிமன்றம். 140 தன் அட்டையை வழங்கிய வங்கியிலும் இந்தக் கொடுப்பனவுக்கு ஆட்சேபம் தெரிவித்துள்ளார். நீங்கள் நேரடியாகக் கொடுத்தால் அன்றே அதை எழுத்தில் மீளப்பெறுவார். ஒரே பணத்தை இரண்டு பக்கமும் வாங்கும் எண்ணம் இல்லை.

கணக்கில் பிழை இருப்பதாகக் கண்டால் எந்த வரி, எந்தத் திகதி என்று குறிப்பிட்டுப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்துடன் எழுதுங்கள். சரியாயிருந்தால் திருத்திக்கொள்வோம்.

இப்படிக்கு,
உறுப்பினர் 112 (ஒப்பம்)
உறுப்பினர் 131 (ஒப்பம்)
உறுப்பினர் 140 (ஒப்பம்)
சலூன் வவுச்சரை வைத்திருப்பவர் (ஒப்பம்)

இணைப்புகள் (யாவும் பிரதிகள், மூலங்கள் எங்களிடம்): பற்றுச்சீட்டுகள் 4, வகுப்பு அட்டையின் இரு பக்கமும், வவுச்சரின் முன்பின் பக்கங்கள், சம்மதக் கடிதம், வட்ஸ்அப் படங்கள் 6, குரல் பதிவின் எழுத்துவடிவம், நால்வரின் வங்கிக் கணக்கு விவரம்.