கிருஷ்ணகிரி டூ ஒகேனக்கல், ஸ்கூட்டரில்

போட்டோவில் இருப்பது ரெண்டு ஹெல்மெட்டும் ஒரு ஸ்கூட்டரும்தான். எங்களைத் தேட வேண்டாம். முகம் முழுக்க ரோட்டுப் புழுதி, என் தலைமுடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கல்யாணத்துக்கு அப்புறம் மார்க்கெட், கோயில், அம்மா வீடு என்று வண்டியில் சுற்றியதோடு சரி. சேர்ந்து தூரமாகப் போனது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். அவருடைய பைக்கை விட்டுவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்தோம். ரெண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டலாம் இல்லையா? "இதுலயா காட்டுக்குள்ள மலை இறங்கணும்?" என்று அவர் இழுத்தார். இறங்கியது. திரும்பி ஏறவும் செய்தது.

தர்மபுரி பைபாஸைப் பிடித்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் லாரிக்குப் பயந்து ஓரமாகவே ஊர்ந்து போவதில் என்ன சுகம்? காவேரிப்பட்டணம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று உள்ரோட்டில் விட்டோம். மாசி மாதம், மாந்தோப்பெல்லாம் பூத்து நிற்கிறது. அந்த வாசனை வழியெல்லாம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவர்கள் பாவம். காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டோம். அதன் கதை பின்னால் வரும்.

ஐம்பதைத் தாண்டினால் காற்றில் பாதிப் பேச்சுதான் காதில் விழுகிறது. "புளியமரம் பாரு, எவ்ளோ பெருசு" என்று அவர் சொன்னது எனக்குப் "புளிசாதம் போடு" என்று கேட்டது. அத்தை கட்டிக் கொடுத்த டப்பாவை ஓடுகிற வண்டியிலேயே திறக்கப் பார்த்தேன். அப்புறம் ஒரு ஏற்பாடு: தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, ரெண்டு தட்டு தட்டினால் டீ. ரெண்டு தட்டுதான் அதிகம். பெயின்ட் அடிக்காத வேகத்தடை வந்தால் தட்ட வேண்டியதில்லை, என் ஹெல்மெட் போய் அவர் ஹெல்மெட்டில் 'டக்' என்று இடித்துத் தானே சொல்லிவிடும்.

பாலக்கோட்டைத் தாண்டும்வரை முன்னாலும் பின்னாலும் தக்காளி ஏற்றிய மினி லாரிகள். பாப்பாரப்பட்டியில் கட்டாய நிறுத்தம், ஏனென்றால் இவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறவர். சுப்பிரமணிய சிவா 1925-ல் காலமானது இந்த ஊரில்தான், நினைவு மண்டபமும் இங்கேதான். சிறையில் தொழுநோய் வந்ததையும், அந்த உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசியதையும் டீ ஆறுகிறது கூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

பென்னாகரத்தில் ஹேண்டில் என் கைக்கு வந்தது. காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. ஸ்கூட்டரில் கியர் கிடையாது, முழு இறக்கத்துக்கும் பிரேக்தான். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடாகிவிடும் என்பதால் விட்டு விட்டுப் பிடித்தேன், நடுவில் ஓரங்கட்டி ஆறவும் விட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குரங்கு வந்து, கொக்கியில் தொங்கிய பையிலிருந்து நிப்பட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. புளிசாதத்தைத் தொடவில்லை. அத்தையிடம் இதை யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஒகேனக்கல் பற்றி நான் எழுதி என்ன ஆகப்போகிறது, எல்லோரும் போன இடம்தான். தண்ணீர் குறைவு, பாறையெல்லாம் வெளியே தெரிந்தது, பரிசல் ஓடியது. லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தோம். பாறைகளுக்கு நடுவில் பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றிவிட்டதும், மலைப்பாதையில் எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே வந்த வாத்தியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வீடியோ இருக்கிறது, போட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கரையில் கட்லா வாங்கி ஒரு அக்காவிடம் கொடுத்தோம். மசாலா தடவி, விறகடுப்பில் பொரித்து, இலையில் வைத்துக் கொடுத்தார். புளிசாதத்துக்கு அதைவிடத் தொட்டுக்கை கிடையாது, குரங்குக்கு விவரம் போதாது.

திரும்பும்போது ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் முனகியது, நாங்கள் அதைவிட அதிகமாக. பாலக்கோட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சண்டை இல்லை, முதுகுவலி.

அடுத்தது தீர்த்தமலை. சீட்டுக்கு நல்ல குஷன் கவர் போட்ட பிறகு.

#முதல்லாங்ரைடு #ஒகேனக்கல் #ஸ்கூட்டரேபோதும் #நிப்பட்டுதிருடன்