மாதம் ஆயிரம் ரூபாய்: நம் கார்டில் யார் எழுதிப் போடலாம்?

நம் ஊர் அக்கா, அத்தை, பெரியம்மா எல்லாருக்கும் வணக்கம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023 ஆகஸ்ட் 18, 19, 20, அதாவது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் நடந்த சிறப்பு முகாமுக்காக எழுதியது இது, விதிகளும் அப்போது இருந்தவைதான். முன்னாடி நடந்த முகாமுக்கு வர முடியாமல் போனவர்களுக்கும், அப்போது தகுதி இல்லை என்று இருந்து அந்த மாசம் 11ஆம் தேதி அரசு அறிவிப்பால் தகுதி வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த முகாம். அரசு சுற்றறிக்கையை நாலு தடவை படித்தால்தான் எனக்கே புரிகிறது, அதனால் அதில் இருப்பதை நாம் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் இல்லை, ஒரே உலையில் சாப்பிடுகிறவர்களும் இல்லை. ரேஷன் கார்டில் யார் யார் பேர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் பணம். ஒரே வீடாக இருந்தாலும் மாமியாருக்கு ஒரு கார்டு, மருமகளுக்குத் தனிக் கார்டு என்று இருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிப் போடலாம். ஒரே கார்டில் இரண்டு மருமகள், ஒரு மாமியார் என்று இருந்தால் மூன்று பேரில் ஒருத்தர்தான், யார் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள். முகாமில் மேசை முன்னால் நின்று அந்தப் பஞ்சாயத்தை ஆரம்பித்தால் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் நேரம் போகும்.

கார்டில் குடும்பத் தலைவர் என்று வீட்டுக்காரர் பேரும் போட்டோவும் இருக்கிறதே, மாற்றணுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவியைத்தான் குடும்பத் தலைவியாக எடுத்துக்கொள்வார்கள். போட்டோவை மாற்றித் தருகிறேன் என்று எவனாவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் இறந்துபோனவர்கள், கல்யாணம் ஆகாமல் தனியாக இருந்து குடும்பத்தைப் பார்ப்பவர்கள், குடும்பத்தை நடத்துகிற திருநங்கைகள் இவர்களும் குடும்பத் தலைவிதான். புருஷன் இல்லாதவளுக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம் வயசு. 21 முடிந்திருக்க வேண்டும், 2002 செப்டம்பர் 15க்கு முன்னால் பிறந்திருந்தால் போதும். மேல் வயசுக்கு வரம்பு கிடையாது. ஆதாரில் இருக்கிற தேதியைத்தான் பார்ப்பார்கள், ஆடி மாசம் பிறந்தேன் என்று நீங்கள் வாயால் சொல்வதை இல்லை.

இனி வருவதெல்லாம் உங்களை மட்டும் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை, கார்டில் உள்ள எல்லாரையும் சேர்த்துப் பார்ப்பது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், "எனக்கு என்ன வருமானம் இருக்கு, நான் சும்மாதானே வீட்ல இருக்கேன்" என்கிறார்கள். உங்கள் வருமானம் மட்டும் இல்லை, வீட்டுக்காரர், மகன், மகள் என்று கார்டில் உள்ள அத்தனை பேர் சம்பாத்தியமும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாசக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய இருபதாயிரத்து எண்ணூறு ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போவதைச் சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள் என்று கீழத்தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. 2023-24இல் நாள் கூலி 294 ரூபாய், நூறு நாளும் முழுசாகப் பார்த்தாலே 29,400தான் வரும். இரண்டரை லட்சம் எங்கே, இது எங்கே. தயங்காமல் சொல்லுங்கள்.

இதற்காக வருமானச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டாம். பட்டா, சிட்டா நகலும் வேண்டாம். இரண்டையும் இணைக்கத் தேவையில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் சொல்வதை எழுதி, அது உண்மை என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். அதற்காக இருப்பதை மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், பதிவான விவரத்தை வைத்து அவர்கள் சரிபார்ப்பார்கள், வீட்டுக்கே வந்தும் விசாரிக்கலாம்.

நிலம் இருப்பவர்களுக்கு: நஞ்சை என்றால் ஐந்து ஏக்கருக்குக் குறைவாக, புஞ்சை என்றால் பத்து ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும். நம் ஊரில் சென்ட் கணக்கில்தான் பேசுவோம் என்பதால் சொல்கிறேன், ஐந்து ஏக்கர் என்றால் 500 சென்ட். குத்தகைக்கு அடுத்தவர் நிலத்தில் பயிர் வைப்பது உங்கள் நிலம் ஆகாது, சொந்தமாக இருப்பதைத்தான் கேட்கிறார்கள்.

கரண்ட் விஷயத்தில்தான் ரொம்பக் குழப்பம். வீட்டுக்கு வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவாக ஓடியிருக்க வேண்டும். நமக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறார்கள், அதனால் ஒரு தடவைக்கு 600 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடையில் 650 ஓடி, மழைக்காலத்தில் 300 ஓடியிருந்தால் ஒன்றும் ஆகாது, வருஷம் முழுக்கக் கூட்டித்தான் பார்ப்பது. மீட்டர் அட்டையில் ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் ரூபாய் கம்மியாகத் தெரியும், யூனிட் அப்படியே இருக்கும். வயலில் ஓடுகிற மோட்டார் வேறு இணைப்பு, வீட்டுக் கணக்கில் வராது.

சரி, இதெல்லாம் பொருந்தினாலும் சில குடும்பங்களுக்குக் கிடையாது. கார்டில் ஒருத்தர் மத்திய, மாநில அரசு வேலையிலோ, பொதுத்துறை நிறுவனத்திலோ, வங்கியிலோ இருந்தால் கிடையாது, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கினாலும் கிடையாது. வருமான வரி கட்டுகிறவர், தொழில் வரி கட்டுகிறவர் இருந்தாலும் இல்லை. வருஷத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் வியாபாரம் பண்ணி ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள் நம் ஊரில் இல்லை, விட்டுவிடுவோம். பஞ்சாயத்துத் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர் வீட்டுக்குக் கிடையாது, ஆனால் ஊராட்சி வார்டு உறுப்பினர் வீட்டுப் பெண்கள் எழுதிப் போடலாம். போன தடவை நம் வார்டு மெம்பர் வீட்டு அக்கா தனக்கு இல்லை என்று நினைத்து வராமலே இருந்துவிட்டார்கள், இந்தத் தடவை கண்டிப்பாக வரச் சொல்லுங்கள்.

வண்டி. கார், ஜீப், டிராக்டர், லாரி மாதிரி நான்கு சக்கர வாகனம் சொந்தமாக இருந்தால் கிடையாது. பைக், ஸ்கூட்டி, மூன்று சக்கர ஆட்டோ இருப்பதால் ஒன்றும் இல்லை. டிராக்டரைக் கடனில் வாங்கி இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களையும் கார் வைத்திருப்பவர்களோடு சேர்த்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது, நான் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது முதியோர் பென்ஷன். போன முகாமில் அதிகம் பேர் திரும்பிப் போனது இதில்தான், மாற்றம் வந்திருப்பதும் இதில்தான், அதனால் இதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். மாமியார் முதியோர் பென்ஷன் வாங்கினால், அதே கார்டில் இருக்கிற மருமகள் இப்போது எழுதிப் போடலாம். மாமனார் வாங்கினாலும் அப்படித்தான். நல வாரியத்தில் பதிந்து பென்ஷன் வாங்குகிற கட்டடத் தொழிலாளி வீடு மாதிரி இருந்தாலும், வாங்குகிறவரைத் தவிர மற்ற பெண் எழுதிப் போடலாம். ஆனால் பென்ஷன் வாங்குகிறவருக்கே இந்த ஆயிரமும் வராது. மாமியாருக்கு அந்தப் பென்ஷன் 2023 ஆகஸ்டில் இருந்து 1200 ஆகியிருக்கிறது, அதை விட்டுவிட்டு இதற்கு மாறுகிறேன் என்று எந்தப் பாட்டியாவது கிளம்பினால் உட்கார வைத்துப் பேசுங்கள், 200 ரூபாய் நஷ்டம். விதவை பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் இது கிடைக்காது, புது அறிவிப்பில் பேர் சொல்லியிருப்பது முதியோர் பென்ஷனும் நல வாரியப் பென்ஷனும்தான்.

சத்துணவு, அங்கன்வாடி மாதிரி சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் சின்னப் பென்ஷன் வாங்குகிற குடும்பத்துப் பெண்களும் இப்போது எழுதிப் போடலாம். மேலே அரசுப் பென்ஷன் இருந்தால் கிடையாது என்று சொன்னேன் இல்லையா, அதில் இவர்களுக்கு மட்டும் விலக்கு. வீட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி இருந்து அவருக்குப் பராமரிப்பு உதவித்தொகை வந்தால், அதைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, வருமானம், நிலம், கரண்ட் எல்லாம் சரியாக இருந்தால் போதும்.

முகாம் நம் ரேஷன் கடைக்கு எதிரே பள்ளிக்கூடத்தில். கார்டு எந்தக் கடையில் இருக்கிறதோ அந்த முகாமுக்குத்தான் போக வேண்டும். வேலைக்காகத் திருப்பூரில் தங்கியிருக்கிறவர்கள் கார்டு இங்கே இருந்தால் இங்கேதான் வர வேண்டும், போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கைரேகை வைக்கணும் என்பதால் பணம் யார் பேரில் வேண்டுமோ அந்தப் பெண்ணே நேரில் வரணும், மகனை அனுப்பிப் பிரயோஜனம் இல்லை.

கொண்டு வர வேண்டியது ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில் அல்லது மீட்டர் அட்டை, பேங்க் பாஸ்புக். எல்லாம் அசல். போனையும் எடுத்துக்கொண்டு சார்ஜ் போட்டு வாருங்கள், நம்பர் ஒன்று வரும், அதை முகாமில் பதிவு செய்கிறவரிடம் மட்டும் சொல்லுங்கள், வேறு யார் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக் கூடாது. பேங்க் கணக்கு உங்கள் பேரில் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் கணக்கு ஆகாது. விண்ணப்பம் இலவசம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க என்னைப் போல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் இருப்போம், எங்களுக்கு டீக்காசுகூடத் தர வேண்டாம். முன்னாடியே எழுதிப் போட்டுப் பதிவு ஆனவர்கள் மறுபடி வர வேண்டாம், கூட்டம்தான் கூடும்.

உங்கள் கார்டில் ஏதாவது சந்தேகம் இருந்தால் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மாரியம்மன் கோயில் திண்ணையில் இருப்பேன், கார்டையும் மீட்டர் அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.