தை மாதக் காலை வழிபாட்டு ரீல்: காட்சித் திட்டம்

இடம்: மேக்கணக்கு மாரியம்மன் கோயில், பொகவந்தலாவைப் பக்கம்
நீளம்: 30 விநாடி. போன் செங்குத்தாக, 1080p, 30 fps. பிளாஷ் வேண்டாம். பூசாரி ஐயாவிடம் கேட்டு வாசல் பல்பையும் அணைத்துவிடு.

தம்பி, பூசை நமக்காக நிற்கக் கூடாது. ஒரு காட்சி தவறிப்போனால் "இன்னொரு தடவை காட்டுங்க ஐயா" என்று கேட்காதே. நேற்று எடுத்ததை இன்றைக்குப் போடவும் வேண்டாம்.

காட்சி 1: காலை 6.10, 4 விநாடி
கோயில் படியிலிருந்து பணியக்கணக்கு லயங்களைப் பார்த்து. தையில் சூரியன் 6.25 வாக்கில்தான் உதிக்கும், எதிர்மலை மறைப்பதால் நமக்கு இன்னும் பிந்தும். இந்த நீல வெளிச்சமே போதும். போனை மதிலில் சாய்த்து வை. பனியில் லென்ஸ் வேர்க்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னே பருத்தித் துணியால் துடை.

காட்சி 2: 3 விநாடி
வாசலில் கோலம். மாவு உதிரும் விரல்கள் மட்டும், முகம் வேண்டாம்.

காட்சி 3: 6.25, 9 விநாடி
விளக்கேற்றுவது. ரீலின் உயிர் இதுதான், அவசரப்படாதே. சுடர் மேல் விரலை அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டு, அப்புறம் வெளிச்சக் கோட்டைக் கீழே இழு. சுற்றிலும் இருட்டினாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், திரியின் நுனி தெரியாது. சூம் பண்ணாதே, ஓரடி கிட்டப் போ. கருவறைக்குள் போனை நீட்டவே கூடாது. மணிச் சத்தத்தை அப்படியே விடு. இந்த 9 விநாடிக்குப் பாட்டு சேர்க்காதே.

காட்சி 4: 6.40, 9 விநாடி
மலைக்குப் போகிற அக்காமார் திருநீறு பூசுவது. முதல் நாளே கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் எடு. கிழக்கு வாசலில் பக்கவாட்டு வெளிச்சம் விழும். மறுபக்கக் கன்னம் இருண்டால் ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கட்டும், வெளிச்சம் திரும்பி அடிக்கும். நெற்றியில் மூன்று விரல், இடுப்பில் படங்கு. கூடையின் கயிற்றைச் சரிசெய்யும் கையும் கிடைத்தால் நல்லது.

செவ்வாய், வெள்ளியில் கூட்டம் இருக்கும். அன்று இதற்குப் பதில் தீபாராதனையில் கும்பிடும் கைகளைப் பின்னாலிருந்து எடு.

காட்சி 5: 5 விநாடி
தேயிலை மேல் முதல் வெயில். மழையா, மூடுபனியா? கூரையில் சொட்டும் தண்ணீரை எடு. இதன்மேல் பூசாரி ஐயாவின் மகள் குரலில் அன்றைய வேண்டுதல். திங்கட்கிழமைக்கு:

"தாயே, அட்டை கடிக்காம, கால் வழுக்காம, போனவங்க எல்லாரும் வீடு திரும்பணும்."

குரலை வீட்டுக்குள், போர்வைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய், எதிரொலி வராது. எழுத்தைத் திரையின் நடுவில் போடு. அடியில் போட்டால் பொத்தான்கள் மறைக்கும்.

பெரட்டுக்கு முன்னே, 7 மணிக்குள் ஏற்றிவிடு. மலையில் நம்ம ஆட்களுக்கு சிக்னல் கிடைக்காது.